பத்திக்கும் பத்திக்கும் நடுவே

திங்கட்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் கையில் மனுவோடு காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள் அது. ஆட்சியர் மனுவை வாங்குவார், ஓரிரு கேள்விகள் கேட்பார், உரிய துறைக்கு அனுப்பச் சொல்வார். மனு பதிவாகி, எண் பெற்று, பிறகு வேறோர் அலுவலகத்தில் வேறொருவர் மேசைக்குப் போய்ச் சேரும். முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. ஆனால் மனு கொடுத்தவர் அந்த மேசைக்கு எதிரே இருக்கமாட்டார். "நீங்கள் சொல்லும் இந்த விஷயத்துக்கும் அந்த விஷயத்துக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பேசும்.

ஊரார் எழுதும் மனுக்களில் பெரும்பாலும் உண்மைக்குக் குறைவிருக்காது. எண்ணிக்கை இருக்கும், தேதி இருக்கும், கையெழுத்துகளும் இருக்கும். ஒரு பத்தியில் சொன்னதற்கும் அடுத்த பத்தியில் சொல்வதற்கும் என்ன உறவு என்பது மட்டும் எழுதியவர் மனத்திலேயே தங்கிவிடும். காகிதத்துக்கு வராது. படிப்பவர் கையில் ஒரு வாதம் கிடைப்பதற்குப் பதிலாக ஐந்தாறு தனித்தனிச் செய்திகள் கிடைக்கின்றன.

இதை ஒரு மாதிரி மனுவை வைத்துப் பார்க்கலாம். ஒரு கிராமம். அங்கிருந்து நகரம் 11 கிலோமீட்டர். காலை 8.20-க்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அரசு டவுன் பஸ்ஸை ஜூன் மாதத்திலிருந்து 8.50-க்கு மாற்றிவிட்டார்கள். பழைய நேரத்தைத் திரும்பக் கேட்டு ஊரார் எழுதிய மனுவின் உடல்பகுதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"எங்கள் ஊரில் சுமார் 300 குடும்பங்கள் வசித்து வருகின்றன. பெரும்பாலோர் விவசாயக் கூலிகள்.

மேலும், எங்கள் ஊரிலிருந்து 27 மாணவ மாணவியர் நகரத்துப் பள்ளிகளில் படிக்கின்றனர். அவர்கள் தினமும் 3 கிலோமீட்டர் நடந்து செல்கின்றனர். இது மிகவும் வருத்தமளிக்கிறது.

மேலும், நகரத்துக் கடைகளில் வேலை பார்க்கும் 13 பெண்களும் சிரமப்படுகின்றனர்.

மேலும், காலை நடையில் வசூல் குறைவு என்று கூறுவது சரியல்ல.

மேலும், காலையில் பேருந்து 45 நிமிடம் பேருந்து நிலையத்தில் நிற்கிறது.

எனவே, ஐயா அவர்கள் உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வெல்லக்கூடிய வாதமும் உள்ளே இருக்கிறது. ஆனால் அந்த வாதம் பத்திகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களில் கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதுதான் நம் வேலை.

மாற்றி அடுக்கிப் பாருங்கள்

மனுவில் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. நடுவில் உள்ள பத்திகளை இடம் மாற்றி அடுக்கிப் பாருங்கள். மேலே உள்ள மனுவில் பெண்களைப் பற்றிய பத்தியை முதலில் வைக்கலாம். பேருந்து நிற்பதைச் சொல்லும் பத்தியை இரண்டாவதாகக் கொண்டுவரலாம். வசூல் பத்தியை மாணவர்களுக்கு முன்னால் நகர்த்தலாம். எப்படி மாற்றினாலும் மனு கெடவில்லை. அப்படியென்றால் எந்தப் பத்தியும் தன் முன்னால் இருப்பதை நம்பி நிற்கவில்லை என்று பொருள். வாதத்தில் இது நடக்காது. வாதத்தில் மூன்றாவதாக வரவேண்டியது, முதல் இரண்டும் சொல்லப்பட்ட பிறகுதான் பொருள்படும்.

அடுத்து, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியாக எழுதி வரிசையாகப் படித்துப் பாருங்கள். இணைப்புள்ள கடிதத்தில் அந்த வாக்கியங்களே ஒரு சிறு கடிதமாக அமையும். நம் மனுவில் கிடைப்பவை ஊரில் 300 குடும்பங்கள், 27 மாணவர்கள், 13 பெண்கள், வசூல், 45 நிமிடம். இது பட்டியல். பேருந்து நேரம் மாறியது என்ற அடிப்படைச் செய்தியே இதில் எங்கும் இல்லை என்பதும் இப்போதுதான் கண்ணில் படுகிறது. எழுதியவர்களுக்கு அது அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததால் எழுதத் தோன்றவில்லை.

"மேலும்" என்ற சொல் நான்கு முறை வந்திருக்கிறதே, அது இணைப்பு இல்லையா என்று கேட்கலாம். "மேலும்" என்பதற்கு "முன்பு சொன்னதோடு அதே வகையில் இன்னொன்று" என்றுதான் பொருள். மாணவர்களையும் பெண்களையும் பொறுத்தவரை அது ஓரளவு பொருந்தும். ஆனால் வசூல் பற்றிய பத்தி இன்னொரு துன்பத்தைச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பின் காரணத்துக்குப் பதில் சொல்கிறது. பேருந்து நிற்பதைச் சொல்லும் பத்தியோ தீர்வுக்கு வழி காட்டுகிறது. துன்பம், மறுப்பு, வழி ஆகிய மூன்றும் ஒரே "மேலும்" போட்டுக்கொண்டு வந்தால், மூன்றும் துன்பம்தான் என்று நினைத்துப் படிப்பவர் கடந்துபோவார். தவறான இணைப்புச் சொல், இணைப்பே இல்லாததைவிட அதிகமாக வழிதவற வைக்கும்.

நன்னூல் சொல்லும் சிங்கப் பார்வை

ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு எப்படித் தொடர்புற்று நிற்கவேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணம் வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்து அழகுகளில் ஒன்றாக "முறையின் வைப்பு" வருகிறது. பத்துக் குற்றங்களில் "மற்றொன்று விரித்தல்" உண்டு. சொல்லவந்ததை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது அது. "சென்று தேய்ந்து இறுதல்" என்பதும் உண்டு. போகப் போக வலுவிழந்து முடிந்துபோவது அது. நம் மாதிரி மனுவில் இந்த இரண்டு குற்றங்களும் இருக்கின்றன. ஊரின் குடும்பக் கணக்கில் தொடங்குவது முதல் குற்றம். "உடனடியாக நடவடிக்கை" என்று எதையும் குறிப்பிடாமல் முடிவது இரண்டாவது.

அதே பாயிரம் சூத்திரங்கள் ஒன்றோடொன்று நிற்கும் நிலை நான்கு என்கிறது. ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. கடிதம் எழுதுகிறவருக்கு இவற்றுள் முதல் மூன்றும் நேரடியாகவே பயன்படும். ஆற்றொழுக்கு என்றால் இடையறாமல் தொடர்ந்து செல்வது. காலவரிசையில் நடந்ததைச் சொல்லும்போது பத்திகள் அப்படித் தாமாகவே தொடரும். தனியாக இணைக்க வேண்டியதில்லை. தவளைப் பாய்த்து என்றால் இடையில் உள்ளதைத் தாண்டி அப்பால் உள்ளதோடு சேர்வது. கடிதத்தில் அப்படித் தாண்டவேண்டி வந்தால் எதற்குத் தாண்டுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

மிக முக்கியமானது அரிமா நோக்கம். நடக்கும் சிங்கம் முன்னேயும் பின்னேயும் பார்ப்பதுபோல, தனக்கு முன்னால் உள்ளதோடும் பின்னால் வருவதோடும் சேர்ந்து நிற்பது. பத்திகளை இணைக்கும் வாக்கியம் செய்யவேண்டிய வேலை இதுவேதான். அதன் ஒரு பாதி, முந்தைய பத்தியில் நிலைநாட்டியதைக் கையில் எடுக்கும். மறு பாதி, அதனால் அடுத்து எழும் கேள்வியையோ முடிவையோ முன்வைக்கும். பின்பக்கம் மட்டும் பார்த்தால் கூறியது கூறல் ஆகிவிடும். முன்பக்கம் மட்டும் பார்த்தால் புதுக் கடிதம் தொடங்கியதுபோல் இருக்கும்.

முதலில் ஒரே மூச்சில் சொல்லுங்கள்

இணைப்பு வாக்கியம் எழுதுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வாதம் முழுவதையும் ஒரே மூச்சில், ஒருவரிடம் வாயால் சொல்வதுபோல எழுதிப் பார்க்கவேண்டும். நம் மனுவுக்கு அது இப்படி வரும்:

"நேரத்தை அரை மணி தள்ளியதால் இந்தப் பேருந்து பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கு உதவாமல் போய்விட்டது, வசூல் குறைவு என்பது காரணமென்றால், அந்த வசூல் பயணிகளின் எண்ணிக்கையைக் காட்டவில்லை, பழைய நேரத்துக்குத் திரும்ப இன்னொரு பேருந்து தேவையில்லை, ஆகவே திரும்பக் கொடுங்கள்."

இதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. "தள்ளியதால்", "என்றால்", "ஆகவே" ஆகியவை அவற்றைப் பிணைக்கின்றன. பேச்சில் இவை தாமாகவே வந்துவிடும். எழுதும்போது பத்தி பிரித்தவுடன்தான் நழுவிப்போகின்றன. ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் இந்தப் பிணைப்பை மறுபடி வைக்கவேண்டும். 300 குடும்பங்களுக்கு இந்த வாக்கியத்தில் இடமே கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தப் பத்தி மனுவுக்கு வேண்டாம்.

இனி ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்போம்.

முதல் மூட்டு: "இது" என்னும் சிக்கல்

புதிய மனு, நேர மாற்றத்திலிருந்தே தொடங்கும். "எங்கள் ஊரிலிருந்து காலை 8.20-க்குப் புறப்பட்டு 8.55-க்கு நகரப் பேருந்து நிலையத்தை அடைந்துகொண்டிருந்த டவுன் பஸ், கடந்த ஜூன் முதல் 8.50-க்குப் புறப்பட்டு 9.25-க்குச் சென்று சேர்கிறது. பழைய நேரத்தை மீண்டும் நடைமுறைப்படுத்தக் கேட்டு இம்மனுவை அளிக்கிறோம்." என்ன நடந்தது, என்ன வேண்டும் என்பது இரண்டே வாக்கியத்தில் வந்துவிட்டது.

அடுத்த பத்தி மாணவர்களைப் பற்றியது. பழைய மனுவில் இருந்ததுபோல "எங்கள் ஊரிலிருந்து 27 மாணவ மாணவியர்" என்று தொடங்கினால் மூட்டு விழாது. "இது மாணவர்களைப் பாதிக்கிறது" என்று தொடங்கலாமா? தொடங்கலாம், ஆனால் "இது" எதைக் குறிக்கிறது என்று தெளிவில்லை. மாற்றத்தையா, மனுவையா, பேருந்தையா? "இந்த" என்று சொல்லி, உடனே ஒரு பெயர்ச்சொல்லை வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும்:

"இந்த அரை மணி நேரத் தாமதத்தால், பள்ளி மணி அடிக்கும் 9.15-க்கு எங்கள் பிள்ளைகள் இன்னும் பேருந்தில்தான் இருக்கிறார்கள்."

"இந்த அரை மணி நேரத் தாமதம்" என்ற தொடர் முந்தைய பத்தியின் நான்கு நேரக் கணக்குகளையும் ஒரே பெயராகச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. முந்தைய பத்தியில் "தாமதம்" என்ற சொல் வரவே இல்லை என்பது இங்கே முக்கியம். அங்கே எண்களை மட்டும் சொன்னோம். அந்த எண்களுக்கு எப்படிப் பொருள் கொள்ளவேண்டும் என்பதை இந்தப் பெயர் சொல்கிறது. பேருந்துக் கழகம் அதையே "நேர மறுசீரமைப்பு" என்று அழைக்கக்கூடும். எந்தப் பெயரால் சுருக்குகிறோம் என்பதே வாதத்தின் ஒரு பகுதி. அதனால் அந்தப் பெயர் நியாயமானதாக இருக்கவேண்டும். அரை மணி தள்ளியதை "அநீதி" என்றோ "கொடுமை" என்றோ அடுத்த பத்தி சுருக்கினால், முந்தைய பத்தியில் அதற்கு ஆதாரம் இல்லாததால் மூட்டு அங்கேயே விட்டுவிடும்.

இரண்டாம் மூட்டு: கூட்டலா, விரிவா?

மாணவர்களுக்குப் பிறகு கடை வேலைக்குப் போகும் பெண்கள் வருகிறார்கள். இங்கே "மேலும்" போட்டால் இலக்கணப்படி தவறில்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளவேண்டும். மாணவர்களைச் சொன்ன பிறகு பெண்களையும் சொல்வது எதற்காக? கணக்கைப் பெருக்க மட்டுமா? மாணவர்களை மட்டும் சொன்னால் இது பள்ளி நாள்களுக்கு மட்டுமான சிக்கல் என்று அதிகாரி கருதலாம். பெண்களின் நிலை அந்த எண்ணத்தை விலக்குகிறது. அந்த வேலையை இணைப்பு வாக்கியம் செய்யட்டும்:

"பள்ளி விடுமுறை நாள்களிலும் இந்தத் தாமதம் குறைவதில்லை, நகரத்துக் கடைகளில் 9.15-க்குள் வேலைக்குச் சேரவேண்டிய 13 பெண்களும் இதே பேருந்தைத்தான் நம்பியிருந்தார்கள்."

முதல் பாதி மாணவர்களைத் திரும்பிப் பார்க்கிறது. மறு பாதி பெண்களைக் கொண்டுவருகிறது. "பெண்களும்" என்பதில் உள்ள "உம்" கூட்டும் வேலையைச் செய்துவிடுவதால் "மேலும்" தேவைப்படவில்லை. தமிழில் இணைக்கும் வேலையைத் தனிச்சொற்கள் மட்டும் செய்வதில்லை. "உம்", "தான்" போன்ற சிறு ஒட்டுகளும் செய்கின்றன. அவற்றை நம்பினால் பத்தியின் தொடக்கம் கனக்காமல் இருக்கும்.

இப்போது இந்தப் பெண்கள் மூன்று கிலோமீட்டர் நடந்து முக்கியச் சாலைக்குப் போய், அங்கே வரும் புறநகர்ப் பேருந்தைப் பிடிக்கிறார்கள். அதில் அவர்கள் கட்டணம் கொடுக்கவேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது; புறநகர்ப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது. மனுவின் இந்தப் பத்தி அந்தச் செய்தியோடு முடிகிறது. அது அங்கே முடிவது தற்செயல் இல்லை. அடுத்த மூட்டு அதில்தான் மாட்டப் போகிறது.

மூன்றாம் மூட்டு: வாதம் பிறக்கும் இடம்

இந்த மனுவிலேயே கடினமான இடம் இதுதான். இதுவரை துன்பத்தைச் சொன்னோம். இனி வசூல் குறைவு என்ற காரணத்துக்குப் பதில் சொல்லவேண்டும். பழைய மனுவில் அது "கூறுவது சரியல்ல" என்ற வெறும் மறுப்பாக நின்றது. ஏன் சரியல்ல என்பதற்கு அங்கே ஒரு சொல்கூட இல்லை.

மாணவர்களும் பெண்களும் வரும் பத்திகளுக்கும் வசூல் பத்திக்கும் என்ன உறவு என்று கேட்டு, அதை ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "ஆனால்" என்று தொடங்கலாம். ஆனால் என்ன? மாணவர்கள் சிரமப்படுகிறார்கள், ஆனால் வசூல் குறைவா? அது கழகத்தின் பக்க வாதமாகப் போய்விடும். "ஏனெனில்" என்று போட்டால் பொருளே வராது. இப்படித் தேடும்போதுதான் ஓர் உண்மை தட்டுப்படுகிறது. 27 மாணவர்களும் இலவசப் பயண அட்டையில் போகிறவர்கள். 13 பெண்களும் கட்டணமில்லாப் பயணச்சீட்டில் போகிறவர்கள். அந்த நடையில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் மீதி ஆறு பேர்தான். பேருந்தில் 46 பேர். நடத்துநர் பையில் ஆறு பேரின் காசு. வசூல் குறைவாகத்தான் இருந்திருக்கும்! துன்பப்படுகிறவர்களும் வசூலில் தென்படாதவர்களும் ஒரே ஆட்கள். இதுதான் வாதம்:

"மேற்சொன்ன 40 பேரும் அரசின் கட்டணமில்லாத் திட்டங்களில் பயணிப்பவர்கள் என்பதாலேயே இந்த நடையின் வசூல் குறைவாகத் தெரிகிறது; பயணிகள் குறைவு என்பதால் அல்ல."

இதற்குப் பிறகு பத்தி எளிதாக நகரும். மாணவர் அட்டைகளுக்கும் பெண்களின் கட்டணமில்லாப் பயணத்துக்கும் உரிய தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது என்று சொல்லலாம். 27 மாணவர்களின் அட்டை எண்களும் மற்றவர்களின் கையெழுத்தும் இணைக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லலாம். இரண்டும் முதல் வாக்கியத்துக்கு ஆதாரமாகப் பொருந்தி அமர்கின்றன.

இணைப்பு வாக்கியத்தைக் கடைசியில் பூசும் மெருகு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மூட்டு வேறொன்றைக் காட்டுகிறது. "மேலும்" போட்டுத் தாண்டியிருந்தால் அந்த 40 பேருக்கும் வசூலுக்கும் உள்ள உறவு எழுதியவர்களுக்கே புலப்பட்டிருக்காது. ஒரு மூட்டில் எந்தச் சொல்லும் பொருந்தாமல் திணறினால், குறை பெரும்பாலும் சொல்லில் இருப்பதில்லை. இரண்டு பத்திகளுக்கும் நடுவே இன்னும் யோசிக்காத ஒரு படி இருக்கிறது என்று பொருள். அந்தப் படியைக் கண்டுபிடித்து எழுதவேண்டும். அப்படி ஒரு படியே இல்லையென்றால், அந்தப் பத்தி இந்தக் கடிதத்துக்கு உரியதல்ல.

நான்காம் மூட்டு: படிப்பவரின் கேள்வி

பயணிகள் இருக்கிறார்கள் என்று நிலைநாட்டியாயிற்று. இந்த இடத்தில் கிளை மேலாளர் மனத்தில் எழும் கேள்வி என்னவாக இருக்கும்? "சரி, அந்த நேரத்துக்குப் பேருந்துக்கு எங்கே போவது?" வாதம் செய்கிற கடிதத்தில், படிப்பவர் கேட்கவிருக்கும் கேள்விதான் பல நேரங்களில் மிகச் சிறந்த இணைப்பு. அந்தக் கேள்வியை நாமே எடுத்துக்கொள்ளலாம்:

"பயணிகள் இருந்தாலும் அந்த நேரத்துக்குப் பேருந்து கிடைக்குமா என்ற கேள்வி எழலாம். நாங்கள் கூடுதல் பேருந்து கேட்கவில்லை."

பிறகு கணக்கு வரும். அதே பேருந்து இன்னொரு ஊரிலிருந்து 7.25-க்கு நகரப் பேருந்து நிலையத்துக்கு வந்து, 8.10 வரை நின்று, எங்கள் ஊருக்குப் புறப்படுகிறது. முன்போலவே 7.40-க்குப் புறப்பட்டால் 8.15-க்கு ஊருக்கு வந்து 8.20-க்குத் திரும்பிவிடும். 8.55-க்கு நகரத்தை அடைந்தபின் 9.40-க்கு உள்ள அடுத்த நடைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பழைய மனுவில் "45 நிமிடம் நிற்கிறது" என்பது குற்றம் சாட்டுவதுபோல் ஒலித்தது. ஓட்டுநரும் நடத்துநரும் சும்மா இருக்கிறார்கள் என்று புகார் சொல்வதாகக்கூடப் படிக்கலாம். அதே செய்தி, சரியான கேள்விக்குப் பின்னால் வந்ததும், அதிகாரிக்குக் கைகொடுக்கும் வழியாக மாறிவிட்டது. எண்கள் மாறவில்லை. முன்னால் வைத்த வாக்கியம் மட்டுமே மாறியது.

கடைசி மூட்டு: "ஆகவே" சொல்லும் உரிமை

"ஆகவே", "எனவே" இரண்டும் விலையுயர்ந்த சொற்கள். முன்னால் சொன்னவற்றிலிருந்து இது பின்தொடர்கிறது என்று அவை உறுதி கொடுக்கின்றன. பழைய மனுவில் "எனவே" வந்தபோது அதற்கு முந்தைய வரி, பேருந்து நிற்பதைப் பற்றியது. "45 நிமிடம் நிற்கிறது, எனவே நடவடிக்கை எடுங்கள்" என்றால் யார்மேல் நடவடிக்கை? இப்போது முடிவு இப்படி வரும்:

"ஆகவே, கூடுதல் பேருந்தோ கூடுதல் நடையோ இன்றி, நகரத்திலிருந்து 7.40-க்கும் எங்கள் ஊரிலிருந்து 8.20-க்கும் இப்பேருந்து புறப்படும் வகையில் முந்தைய நேரத்தை மீண்டும் நடைமுறைப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

"கூடுதல் பேருந்தோ கூடுதல் நடையோ இன்றி" என்பது முந்தைய பத்தியைப் பிடித்துக்கொள்கிறது. "முந்தைய நேரத்தை" என்பது இடையில் உள்ள பத்திகளையெல்லாம் தாண்டி முதல் பத்தியைத் தொடுகிறது. தவளைப் பாய்த்துக்கு இதுதான் ஏற்ற இடம். தாண்டிப் போகிற இடத்தை எண்களால் அடையாளம் காட்டியிருப்பதால் படிப்பவர் தேடிப் போகவேண்டியதில்லை.

எங்கே இணைப்பு வேண்டாம்

எல்லாக் கடிதத்துக்கும் இந்தப் பிணைப்பு பொருந்தாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதும்போது கேள்விகளை 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தனித்தனியாகக் கேட்பதே நல்லது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் வேண்டும். ஒன்றை இன்னொன்றோடு பிணைத்தால் ஏதாவதொன்று பதிலில்லாமல் நழுவ வழி கொடுத்ததாகும். அதே சட்டத்தின் 19(1) பிரிவின்படி முதல் மேல்முறையீடு எழுதும்போது நிலைமை வேறு. கொடுத்த பதில் ஏன் போதாது என்று அங்கே நிறுவவேண்டியிருக்கிறது. பத்திகள் ஒன்றையொன்று தாங்கியாகவேண்டும். கேட்பது தகவலா, முடிவா என்று பார்த்தால் எது தேவை என்பது விளங்கிவிடும்.

வாதம் செய்யும் கடிதத்திலும் அளவு உண்டு. ஒரே பத்திக்குள் வாக்கியத்துக்கு வாக்கியம் "எனவே", "ஆனால்", "எனினும்" என்று வந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். பேருந்தின் நேரங்களை வரிசையாகச் சொல்லும் பத்தி ஆற்றொழுக்காகத் தானே நகரும். அதில் ஓர் இணைப்புச் சொல்கூட வேண்டாம். துன்பத்திலிருந்து மறுப்புக்கு, மறுப்பிலிருந்து வழிக்கு, வழியிலிருந்து கோரிக்கைக்கு என்று கடிதம் திசை மாறும் இடங்களில்தான் முழு வாக்கியம் தேவைப்படுகிறது.

எழுதி முடித்ததும் அதே இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்து பாருங்கள். புதிய மனுவின் முதல் வாக்கியங்களை மட்டும் படித்தால் நேரம் மாறியது, அந்தத் தாமதத்தால் பிள்ளைகள் வகுப்பைத் தவறவிடுகிறார்கள், விடுமுறையிலும் அது தீரவில்லை, இந்த 40 பேரும் வசூலில் தெரியாதவர்கள், இவர்களுக்காக இன்னொரு பேருந்து வேண்டாம், ஆகவே பழைய நேரம் வேண்டும் என்று வரும். பத்திகளை இடம் மாற்ற முயன்றால் "மேற்சொன்ன 40 பேர்" யாரென்று தெரியாமல் போகும்; "பயணிகள் இருந்தாலும்" என்பதற்கு முன்னால் பயணிகளே இருக்கமாட்டார்கள். மனு இடம் மாற்றத்துக்கு இணங்க மறுக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

இதன் பயன் பதில் வரும்போது தெரியும். பழைய மனுவுக்கு "காலை நடையில் வசூல் குறைவாக உள்ளதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். தனித்தனியாக நின்ற பத்திகளில் ஒன்றை மட்டும் எடுத்து மறுத்துவிட்டு மற்றவற்றைக் கவனிக்காமல் விட அந்த மனுவே இடம் கொடுக்கிறது. புதிய மனுவுக்கு அந்த வரியை எழுதவே முடியாது. அதற்கான பதிலை மனு ஏற்கெனவே சொல்லிவிட்டது. மறுக்க விரும்புகிறவர் 40 பேரின் பட்டியலைத் தவறென்று காட்டவேண்டும், அல்லது 7.40-க்குப் பேருந்து ஏன் புறப்பட முடியாது என்று விளக்கவேண்டும். அப்படி ஒரு விளக்கம் வந்தால்கூட ஊராருக்கு லாபம்தான். எந்த மூட்டில் மறுப்பு வந்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துவிடும். அடுத்த மனுவை அங்கிருந்தே தொடங்கலாம்.